இரண்டே மூவில் மேட்!

'வெள்ளை ஆட வேண்டும், இரண்டு மூவில் மேட்' என்று ஒரே ஒரு வரி போட்டு, பக்கத்தின் மூலையில் ஒரு செஸ் கட்டத்தை அச்சடித்து விடுகிறார்கள். அதைப் பார்த்தவுடன் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது என்ன? மனசுக்குள் ராணியைத் தூக்கி ஒரு செக் வைக்கிறோம். கறுப்பு ராஜா நகர்கிறார். இன்னொரு செக். மறுபடி நகர்கிறார். அதற்குள் நம் ஸ்டாப் வந்து விடுகிறது. பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி விடுகிறோம். 'தப்பாப் போட்டிருக்கான் சார்' என்று ஆபீஸில் போய்ச் சொல்வதற்கும் தயங்குவதில்லை.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் ஒரு நண்பர் இருக்கிறார். லஞ்ச் நேரத்தில் காந்தம் வைத்த சின்ன போர்டை எடுத்து வைத்துக்கொண்டு, "நான் இங்க வெச்சா அவன் வெட்டுவான், உடனே மேட்! முடிஞ்சு போச்சு" என்பார். "அவன் வெட்டலைன்னா?" என்று கேட்டால், "அதெப்படி சார் வெட்டாம இருப்பான்?" என்று கோபித்துக் கொள்வார். 'இரண்டு மூவில் மேட்' என்ற சமாசாரமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வெள்ளை ஒரு மூவ். கறுப்பு தன் இஷ்டப்படி எதை வேண்டுமானாலும் ஆடலாம். அதற்கு அடுத்த வெள்ளை மூவ் மேட்டாக இருக்க வேண்டும். நமக்குச் சௌகரியமான ஒரு பதிலுக்கு மட்டும் மேட் என்றால் போதாது. கறுப்புக்கு ஏழு பதில்கள் இருந்தால் ஏழுக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

சரி, முதல் மூவ் செக்காக இருக்க வேண்டுமா, அல்லது சத்தம் போடாமல் ஒரு காயை நகர்த்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டுமா? அதைக் கட்டத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். அதற்கு இரண்டு உதாரணங்கள். இரண்டுமே நியூயார்க் சம்பந்தப்பட்டவை. நடுவில் 160 வருஷ இடைவெளி.

போர்டை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். வெள்ளைக் காய்கள் உங்கள் பக்கம். இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று எச் வரை எட்டு நெட்டு வரிசைகள். உங்கள் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை எண்கள். இடது கீழ் மூலை ஏ1, வலது மேல் மூலை எச்8. அவ்வளவுதான் இலக்கணம்.

முதல் உதாரணம் 2016, நவம்பர் 30. உலக சாம்பியன் போட்டி. மாக்னஸ் கார்ல்சனும் செர்கெய் கர்யாகினும் 12 ஆட்டம் ஆடி ஆளுக்கு ஆறு பாயிண்டில் நிற்கிறார்கள். முடிவு கட்ட நான்கு ரேபிட் ஆட்டங்கள். முதல் இரண்டு டிரா, மூன்றாவது கார்ல்சனுக்கு. நான்காவதில் கர்யாகின் ஜெயித்தே ஆக வேண்டும், அதுவும் கறுப்புக் காய்களோடு. அன்றைக்குக் கார்ல்சனுக்கு 26-வது பிறந்த நாள் வேறு.

நாற்பத்தொன்பது மூவ் முடிந்ததும் போர்டில் இருந்தது இது.

வெள்ளை: ராஜா எச்1, ராணி எஃப்4, யானைகள் சி8-லும் எஃப்5-லும், சிப்பாய்கள் இ4, எஃப்3, எச்2, எச்5.

கறுப்பு: ராஜா எச்7, ராணி எஃப்2, யானை ஏ2, பிஷப் இ7, சிப்பாய்கள் பி6, டி6, எஃப்7, ஜி7.

வைத்தாகி விட்டதா? இப்போது வெள்ளைக்கு என்ன ஆடலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் போர்டை மனசுக்குள் திருப்பி, கறுப்புக்கு என்ன ஆசை என்று பாருங்கள். கறுப்பு ராணி எஃப்2-லிருந்து ஜி2-க்கு வந்தால் போச்சு. ராணிக்குப் பின்னாலிருந்து ஏ2 யானை பலம் கொடுக்கிறது. வெள்ளை ராஜாவால் வெட்ட முடியாது, எச்2-ல் தன் சிப்பாயே வழியை அடைத்துக் கொண்டிருக்கிறது. ஒரே மூவில் மேட்! சாம்பியன் பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. வெள்ளை ராஜாவுக்கு மிச்சம் இருப்பது ஒரு மூவ் ஆயுள்.

இதுதான் முதல் அடையாளம். எதிராளி உங்களை அடுத்த மூவிலேயே மேட் பண்ணக் காத்திருந்தால், சத்தமில்லாத மூவுக்கு அங்கே இடமில்லை. நீங்கள் அழகாக ஒரு காயை நகர்த்தி வைப்பீர்கள், அவர் மேட் வைத்துவிட்டுக் கை கொடுப்பார். ஆகவே செக்குகளை மட்டும் தேடினால் போதும். இது பெரிய சௌகரியம். ஏனென்றால் வெள்ளைக்கு இங்கே ஏகப்பட்ட மூவ்கள் இருக்கின்றன. ஆனால் செக்? எண்ணிப் பாருங்கள். யானை சி8-லிருந்து எச்8-க்கு வந்தால் ஒரு செக். ராணி எஃப்4-லிருந்து எச்6-க்குப் போனால் இன்னொன்று. அவ்வளவுதான், மொத்தமே இரண்டு.

யானை செக்கைப் பார்ப்போம். ராஜா எச்8-ல் அதை வெட்டுகிறார். அப்புறம் ராணி எச்6-க்கு வந்து செக் சொன்னாலும் ஜி7 சிப்பாய் அதை வெட்டி விடும், அல்லது ராஜா ஜி8-க்கு நகர்ந்து விடுவார். மேட் கிடையாது. சரி, அது வேண்டாம்.

மிச்சம் இருப்பது ராணி எச்6. பார்த்தால் பைத்தியக்காரத்தனம். சும்மா கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ராஜாவும் வெட்டலாம், ஜி7 சிப்பாயும் வெட்டலாம். நாமெல்லாம் இந்த மூவை மனசுக்குள் தொடுவதுகூட இல்லை. தொட்டால் வீட்டில் யாராவது திட்டுவார்கள் என்பது போல விலகி விடுவோம். இரண்டு செக்தான் இருக்கிறது என்று எண்ணி வைத்தவர்களுக்கு வேறு வழியில்லாததால் இதையும் பார்த்தாக வேண்டும். எண்ணுவதில் இருக்கும் லாபம் இதுதான். 

இப்போது கறுப்பின் பதில்கள். ராஜா ஓட முடியுமா? ஜி8, எச்8 இரண்டுமே சி8 யானையின் கட்டுப்பாட்டில். ஜி6-க்குப் போகலாம் என்றால் எச்5 சிப்பாய் அங்கே கண் வைத்திருக்கிறது. ஆகவே வெட்டுவது தவிர வழியில்லை. வெட்டுவதில் இரண்டு வகை.

ராஜாவே எச்6-ல் ராணியை வெட்டினால்? யானை சி8-லிருந்து எச்8. செக். எச் வரிசை முழுக்க யானைக்குச் சொந்தம். ஜி5-க்கு ஓடினால் எஃப்5 யானை. ஜி6-க்கு ஓடினால் எச்5 சிப்பாய். ஜி7-ல் தன் சிப்பாயே நிற்கிறது. குறுக்கே எச்7-ல் வந்து மறைக்க எந்தக் கறுப்புக் காய்க்கும் வழி இல்லை. மேட்.

ராஜா வேண்டாம், ஜி7 சிப்பாய் வெட்டட்டும். சிப்பாய் எச்6-க்கு வந்துவிட்டதால் ஏழாவது வரிசையில் ஜி7 காலி. எஃப்5 யானை நேரே மேலே போய் எஃப்7 சிப்பாயை வெட்டிச் செக் சொல்கிறது. ஜி8, எச்8 சி8 யானைக்கு. ஜி6 மறுபடி அந்த எச்5 சிப்பாய்க்கு. எச்6-ல் தன் சிப்பாய். எஃப்7 யானையைக் கறுப்பு ராணி வெட்டலாமே என்றால் நடுவில் எஃப்3-ல் வெள்ளைச் சிப்பாய் குறுக்கே நிற்கிறது. இதுவும் மேட்.

கர்யாகின் இரண்டில் எதையும் ஆடிக் காட்டச் சொல்லவில்லை. ராணி எச்6-ல் உட்கார்ந்ததும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ரேபிட் 3-1. பட்டம் கார்ல்சனிடமே தங்கியது. பிறந்த நாள் பரிசைத் தன் ராணியைக் கொடுத்து வாங்கிக்கொண்ட மனுஷர்.

இனி இரண்டாவது. இது வேறு ஜாதி.

1856. நியூயார்க் கிளிப்பர் என்ற பத்திரிகையில் ஒரு புதிர் வந்தது. போட்டவர் பால் மார்ஃபி. நியூ ஆர்லியன்ஸ்காரர். அப்போது அவருக்கு இருபது வயது ஆகவில்லை. அடுத்த வருஷமே நியூயார்க்கில் நடந்த அமெரிக்க செஸ் காங்கிரஸில் ஜெயித்து, அதற்கடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி அங்கிருந்த பெரிய தலைகளையும் ஒரு கை பார்த்தவர். ஆட்டத்தில் காய்களை வாரி இறைப்பார். புதிரிலோ படு சிக்கனம். போர்டில் மொத்தமே ஏழு காய்.

வெள்ளை: ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6.

கறுப்பு: ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7.

வெள்ளை ஆட வேண்டும். இரண்டு மூவில் மேட். மேலே படிப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் எடுத்துக் கொள்ளுங்கள். காபி வருவதற்குள் கண்டுபிடித்தால் காபி உங்களுக்கு, இல்லாவிட்டால் பக்கத்து ஸீட்காரருக்கு.

பழக்கப்படி முதலில் செக்குகளை எண்ணுவோம். ஒன்றே ஒன்றுதான்: யானை ஏ7 சிப்பாயை வெட்டுவது. பிஷப் அதைத் திருப்பி வெட்டும். நம் சிப்பாய் பிஷப்பை வெட்டும். கறுப்பு ராஜா அதையும் வெட்டிக்கொண்டு சாவகாசமாக வெளியே வருவார். மேட்டாவது, ஒன்றாவது! செக் கணக்கு இதோடு தீர்ந்தது. சிப்பாயாலேயே ஏ7-ல் வெட்டலாமா? அது செக்கும் இல்லை. பிஷப் வெட்டினால் கதை முடிந்தது.

இப்போது திரும்பக் கேட்க வேண்டிய கேள்வி: கறுப்பு நம்மை ஏதாவது பயமுறுத்துகிறதா? கர்யாகினின் ராணி மாதிரி எதுவும் உண்டா? ஒன்றும் இல்லை. மூலையில் ஒரு ராஜா, அவரைச் சுற்றித் தன் ஆட்களே நெருக்கியடித்துக் கொண்டு நிற்கிறார்கள். ரேஷன் கடை க்யூவில் மாட்டிக் கொண்டவர் போல இந்தப் பக்கமும் நகர முடியாது, அந்தப் பக்கமும் நகர முடியாது. இதுதான் இரண்டாவது அடையாளம். எதிராளியிடம் பயமுறுத்தலே இல்லை, மூவ்களும் கொஞ்சம்தான் என்றால், சத்தமில்லாத மூவைத் தேடுங்கள்.

எப்படித் தேடுவது? நம் மூவ்களை எண்ணாமல் அவருடையதை எண்ண வேண்டும். ஒரு நிமிஷம் இது கறுப்பின் முறை என்று வைத்துக் கொள்ளுங்கள். என்ன ஆடுவார்? ராஜாவுக்கு ஒரு மூவ்கூடக் கிடையாது. பி7 சிப்பாய்க்கு முன்னால் நம் பி6 சிப்பாய், நகர முடியாது. ஏ7 சிப்பாய் பி6-ல் வெட்டலாமே என்று தோன்றும். கூடாது. அது விலகினால் ஏ வரிசை திறந்து நம் யானை நேரே ராஜாவுக்குச் செக் ஆகிவிடும். சட்டப்படி அந்த மூவே செல்லாது. ஆனால் நேரே முன்னால் ஏ6-க்கோ ஏ5-க்கோ வரலாம். அது யானையின் பாதையிலேயேதான் இருக்கிறது. மற்றபடி பிஷப்பால் சி7 முதல் எச்2 வரை மூலைவிட்டத்தில் ஆறு கட்டம் போக முடியும்.

ஆக, பிஷப் ஆறு, ஏ சிப்பாய் இரண்டு. மொத்தம் எட்டு.

இந்த எட்டுக்கும் நம்மிடம் இப்போதே மேட் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிஷப் ஆறில் எங்கே போனாலும் ஏ7 சிப்பாய்க்குக் காவல் போய்விடுகிறது. யானை அதை வெட்டினால் மேட். யானைக்குப் பி6 சிப்பாய் பலம். காலியான பி8-க்கு ராஜா ஓடலாம் என்றால் சி8-ல் நம் ராஜா உட்கார்ந்திருக்கிறார். எட்டில் ஆறு கை வசம்! புதிரின் முக்கால் பங்கு நாம் ஒரு காயைக்கூடத் தொடாமலே முடிந்து விட்டது.

பாக்கி ஏ சிப்பாய் முன்னால் நகரும் இரண்டு மூவ்கள். அவற்றுக்கு நம்மிடம் மேட் இல்லை. ஆகவே நமக்கு வேண்டியது, மற்ற ஏற்பாடு எதையும் கலைக்காமல் அந்தச் சிப்பாயை மட்டும் நிறுத்தி வைக்கும் ஒரு மூவ். இப்படிக் கேள்வியைக் குறுக்கிய பிறகு பதில் தானாக வந்து நிற்கும். யானையை ஏ5-ல் வைத்தால் சிப்பாய் ஏ6-க்கு வந்து தப்பி விடும். ஏ4, ஏ3, ஏ2-ல் வைத்தாலும் அதே கதை.

யானை ஏ6!

பி7 சிப்பாயின் வாயிலேயே கொண்டுபோய் வைக்கிறோம். செக் இல்லை, எதையும் வெட்டவில்லை, அடுத்து இன்னது செய்வேன் என்று ஒரு மிரட்டல்கூட இல்லை. இது முக்கியம், கவனியுங்கள். இப்போது கறுப்பு 'பாஸ்' என்று சொல்ல முடியுமானால் நம்மிடம் மேட் கிடையாது. ஆனால் செஸ்ஸில் 'பாஸ்' கிடையாது. ஆடித்தான் ஆக வேண்டும், ஆடினால்தான் கெடுதல். ஜெர்மன்காரர்கள் இதற்கு ட்சுக்ஸ்வாங் என்று பல்லில் மாட்டிக் கொள்கிற மாதிரி ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்பது ஆபீஸ் மீட்டிங்குகளில் நமக்கும் பழக்கமான நிலைமைதான். ஆனால் அங்கே சும்மா இருக்கும் உரிமையாவது உண்டு.

இப்போது கறுப்பின் பட்டியலைத் திருத்தி எழுதுங்கள். ஏ சிப்பாய்க்கு முன்னால் யானை. அந்த இரண்டு மூவும் போச்சு. பிஷப் ஆறும் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் யானை ஏ7, மேட். புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது: பி7 சிப்பாய் ஏ6-ல் யானையை வெட்டுவது. வெட்டட்டும். அது இடம் மாறியதால் பி7 காலி. நம் சிப்பாய் பி6-லிருந்து பி7-க்கு ஒரே ஒரு அடி. செக். நம் ராஜா பக்கத்திலிருந்து காவல் கொடுப்பதால் வெட்ட முடியாது. ஏ7-ல் தன் சிப்பாய், பி8-ல் தன் பிஷப். போர்டிலேயே அற்பமான காய் மேட் வைத்து விட்டது. ஏழு பதில், ஏழுக்கும் மேட். கணக்கு நேர்.

நம் அக்கவுண்ட்ஸ் நண்பரிடம் இந்தப் புதிரை நீட்டினேன். யானை ஏ6 என்று வைத்துக் காட்டியதும், "சிப்பாய் வெட்டுவான், உடனே மேட்" என்றார். "வெட்டலைன்னா?" என்றேன். முதல் முறையாகக் கோபித்துக் கொள்ளாமல் பிஷப்பை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் பார்த்தார். லஞ்ச் நேரம் தாண்டி பத்து நிமிஷம் ஆகிவிட்டது. சூப்பரிண்டெண்ட் பார்த்துக்கொண்டே போனார்.

கட்டத்தை வைத்தே ஜாதி கண்டுபிடிக்க இன்னொரு சின்ன வழியும் சொல்லி விடுகிறேன். கீழே இரண்டு ஆட்டக்காரர்கள் பெயர், ஊர், வருஷம் போட்டிருந்தால் அது நிஜ ஆட்டத்தில் வந்த நிலை. அங்கே இரண்டு ராஜாக்களும் ஆபத்தில் இருப்பது சகஜம், முதலில் செக்குகளைப் பாருங்கள், அதிலும் எதையாவது தூக்கிக் கொடுக்கிற செக்கை. ஒரே ஒருவர் பெயர் மட்டும் போட்டிருந்தால் அது யாரோ வீட்டில் உட்கார்ந்து கட்டியது. புதிர் கட்டுகிறவர்களிடம் ஒரு கௌரவம் உண்டு: முதல் மூவே செக் என்றால் அது நயமில்லாத வேலை என்று நினைப்பார்கள். அதுவும் ஒரே ஒரு முதல் மூவுக்குத்தான் விடை வர வேண்டும், இரண்டாவது விடை கிடைத்தால் புதிர் பழுது. எனவே அங்கே செக்கைப் பார்த்து விட்டுச் சந்தேகப்படுங்கள். இது சட்டம் இல்லை, விதிவிலக்குகள் நிறைய உண்டு. ஆனால் பஸ்ஸில் ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது என்றால் எங்கே தொடங்குவது என்பதற்கு உதவும்.

கடைசியாக, கார்ல்சன் கட்டத்தைக் கலைத்து விடாதீர்கள். அதில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். எச்5-ல் இருக்கும் வெள்ளைச் சிப்பாயை ஒரு கட்டம் பின்னால் இழுத்து எச்4-ல் வையுங்கள். மற்றதெல்லாம் அப்படியே. இப்போது ராணி எச்6, ராஜா வெட்டுகிறார், யானை எச்8 செக். ராஜா என்ன செய்வார்? ஜி6-க்கு நடந்து போவார். அங்கே கண் வைத்திருந்த ஆள் இப்போது இல்லை. போன ஜோரில் எஃப்5 யானையையும் தொட்டுக்கொண்டு நிற்பார். வெள்ளையிடம் ராணி கிடையாது, இரண்டு மூவில் மேட் என்ற கணக்கும் கிடையாது.